பாட்டியின் குரலை வெட்டி ஒரு பீட்டுக்கு ஹூக் செய்வது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பாட்டி காலையில் என்னை எழுப்பும்போது இன்னும் "பெரட்டுக்கு வா" என்றுதான் கூப்பிடுவார். காலையில் வேலையாட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிட்டுப் பெரட்டு எடுத்த தோட்டத்தை விட்டு வந்து வருடங்கள் ஆகிவிட்டாலும் அந்தச் சொல் போகவில்லை. அவரிடம் கேட்டுவிட்டு அதைக் கைப்பேசியில் பதிவு செய்தேன். சினிமாப் பாட்டிலிருந்து வெட்டினால் உரிமைச் சிக்கல் வரும், வீட்டுக் குரலுக்கு அது இல்லை.

பதிவு செய்யும்போது காற்றாடியை நிறுத்திவிடுங்கள். தகரக் கூரை வீட்டில் மழை விடும் வரை காத்திருங்கள். துணி நிறைந்த அலமாரிக்கு முன்னால் பேசச் சொன்னால் எதிரொலி குறையும்.

கோப்பை Audacity-இல் திறந்து அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். ட்ட, க்க வரும் இடங்களில் கோடு தட்டையாக இருக்கும். இரட்டை வல்லினத்தைச் சொல்லும்போது மூச்சு ஒரு கணம் அடைபடுவதால் வரும் மௌனம் அது. அந்த மௌனத்தின் கடைசியில், ஒலி வெடிப்பதற்குச் சற்று முன் வெட்டினால் "டிக்" சத்தம் வராது. எனக்கு நான்கு துண்டுகள் கிடைத்தன: பெரட், டுக், கு, வா. கடைசி இரண்டுக்கும் நடுவில் மௌனம் இல்லை. அங்கே Z விசையை அழுத்தினால், தேர்ந்தெடுத்த பகுதியின் ஓரங்கள் அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்துக்கு நகரும். நான்கையும் தனித்தனி WAV கோப்பாகச் சேமியுங்கள்.

இனி பீட் கட்ட FL Studio. வேகம் 96 வைத்தால் ஒரு தட்டு 0.625 வினாடி, அதில் கால்பங்கான ஒரு கட்டம் ஏறக்குறைய 0.16 வினாடி. நான்கு துண்டுகளுக்கும் Cut, By இரண்டிலும் 1 போடுங்கள். அப்போது புதிய துண்டு வந்ததும் பழையது நின்றுவிடும். இதை விட்டால் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும்.

தாளத்துக்கு "தகிட தகிட தக" என்ற 3+3+2 கணக்கை எடுத்தேன். 16 கட்டங்களில் 1, 4 இரண்டிலும் டுக், 7-இல் கு. அப்புறம் 9-இல் பெரட், 12-இல் டுக், 15-இல் வா. அடுத்த சுற்றில் முதல் பாதி அதேதான், ஆனால் 9-இல் வா மட்டும் போட்டு மீதியைக் காலியாக விடுங்கள். அந்த வெற்றிடத்தில்தான் உறுமி மேளம் நுழைய முடியும்.

போட்டுக் கேட்டபோது மற்ற துண்டுகள் சரியாக விழுந்தன, "வா" மட்டும் பிந்தியது. கட்டத்தில் சரியாகத்தான் வைத்திருந்தேன். காரணம் இதுதான்: காது தாளத்தை மெய்யெழுத்தில் பிடிப்பதில்லை, உயிர் தொடங்கும் இடத்தில் பிடிக்கிறது. "டு" சட்டென்று வெடித்து உயிருக்குப் போய்விடும். "வா"வில் உதடு திறந்து "ஆ" வர என் பதிவில் 0.07 வினாடி ஆனது, கிட்டத்தட்ட அரைக் கட்டம். ஆகவே Piano roll-இல் Alt விசையைப் பிடித்துக்கொண்டு "வா"வை அந்த அளவு முன்னால் இழுங்கள். வகரத்தை வெட்டி எறிந்தாலும் நேரத்துக்கு விழும், ஆனால் பாட்டி "ஆ" என்பதுபோல் கேட்கும். ம, ல, ர போன்றவற்றில் தொடங்கும் துண்டுகளையும் இப்படியே சோதியுங்கள். கிக்கை மட்டும் கூட ஓடவிட்டு, "ஆ" அதனோடு சேர்ந்து விழும் வரை நகர்த்துங்கள்.