தமிழ் போட்டதும் டெம்ப்ளேட் ஏன் கலைகிறது? தனி ஆலோசகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையில் சின்ன கம்பெனிகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கும் ஒரு ஆலோசகரை எடுத்துக்கொள்வோம். தனி ஆள், ஒரு லேப்டாப், ஒரு ஃபோன். மாதாமாதம் வாட்ஸ்அப்பில் இரண்டு நினைவூட்டல் போஸ்டர்கள்: 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி. புது வாடிக்கையாளர் வந்தால் கொட்டேஷன், மாதக் கடைசியில் பில், எப்போதாவது ஒரு தொழில் சங்கக் கூட்டத்தில் பேச ஸ்லைடுகள். போஸ்டர் கேன்வாவில், கொட்டேஷனும் பில்லும் கூகுள் டாக்ஸில், ஸ்லைடுகள் கூகுள் ஸ்லைட்ஸில். எல்லாமே இலவசக் கணக்கு.

தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் பெரிய குறை தெரியாது. ஆனால் இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நான்கு வெவ்வேறு ஆபீஸிலிருந்து வந்தது போல இருக்கும். ரசனை இல்லாததால் இப்படி ஆவதில்லை. எதை முதலில் முடிவு செய்ய வேண்டும் என்ற வரிசை மாறிப்போவதால்தான் ஆகிறது.

டெம்ப்ளேட்டிலிருந்து தொடங்குவது

பெரும்பாலானவர்கள் கேன்வாவைத் திறந்ததும் அழகான டெம்ப்ளேட் ஒன்றைத் தேடுகிறார்கள். அதில் இருக்கும் நிறமும் ஃபாண்டும் அப்படியே நம்முடையதாகிவிடும். அடுத்த மாதம் வேறு டெம்ப்ளேட் பிடிக்கும், அதோடு வேறு நிறம், வேறு ஃபாண்ட். தமிழில் எழுதுகிறவருக்கு இதில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. அந்த டெம்ப்ளேட்டுகளில் பெரும்பாலானவை ஆங்கிலத் தலைப்பை மனதில் வைத்துச் செய்தவை.

`Poppins`, `Montserrat` போன்ற ஃபாண்டுகள் இந்த டெம்ப்ளேட்டுகளில் அடிக்கடி வரும். இரண்டிலும் தமிழ் எழுத்துகள் கிடையாது. நாம் தமிழில் தட்டினால் எழுத்து தெரியத்தான் செய்யும், ஆனால் அது அந்த ஃபாண்ட் அல்ல. கருவி தானாக வேறொரு தமிழ் ஃபாண்டை இழுத்து வைத்திருக்கும். எதை இழுக்கும் என்பது நம் கையில் இல்லை. விண்டோஸில் பெரும்பாலும் `Nirmala UI`, ஆண்ட்ராய்டில் `Noto Sans Tamil`. அதனால் ஒரே வேர்ட் ஃபைல் நம் லேப்டாப்பில் ஒரு முகமாகவும் வாடிக்கையாளரின் ஃபோனில் இன்னொரு முகமாகவும் தெரியும். ஃபாண்ட் பெட்டியில் மட்டும் `Poppins` என்றே காட்டிக்கொண்டிருக்கும் என்பதால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

ஆகவே முதல் முடிவு தமிழ் ஃபாண்ட். அதன் பிறகுதான் ஆங்கிலம், நிறம், டெம்ப்ளேட் எல்லாம். தமிழும் ஆங்கிலமும் ஒரே குடும்பத்தில் இருக்கும் ஃபாண்டாக எடுத்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். `Hind Madurai`, `Mukta Malar`, `Catamaran` மூன்றும் அப்படிப்பட்டவை, மூன்றும் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம். கொட்டேஷன், பில் போன்ற நிதானமான வேலைக்கு என் தேர்வு `Hind Madurai`. `Light` முதல் `Bold` வரை ஐந்து தடிமன்கள் இருக்கின்றன, சின்ன அளவிலும் எழுத்து தெளிவாக நிற்கும்.

தடிமன் ஏன் முக்கியம்? `Meera Inimai`, `Pavanam` போன்றவை பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அவற்றில் ஒரே ஒரு தடிமன்தான். அதில் `B` பொத்தானை அழுத்தினால் சில கருவிகளில் ஒன்றும் நடக்காது. மற்றவற்றில் கருவியே கோட்டைத் தடிமனாக்கி ஒரு போலி போல்டைக் காட்டும். ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துப்போய் மை ஊறியது போலாகிவிடும். தலைப்புக்கும் உடலுக்கும் ஒரே ஃபாண்டை வைக்கப்போகிறோம் என்றால் உண்மையான போல்ட் வேண்டும்.

ஃபாண்டை உறுதி செய்வதற்கு முன் இந்த ஒரு வரியைத் தட்டிப் பாருங்கள்:

```
ஸ்ரீ கௌரி ஞானம் திண்ணை ₹1,25,000 GSTR-3B
```

ஸ்ரீ உடையாமல் ஒரே எழுத்தாக வர வேண்டும். கௌவின் இரண்டு பக்கமும் சரியாக ஒட்டியிருக்க வேண்டும். ரூபாய் குறி கட்டமாகத் தெரிந்தாலோ பக்கத்து எண்களோடு ஒட்டாமல் ஒல்லியாக நின்றாலோ அந்த ஃபாண்ட் பில்லுக்கு ஆகாது. இதே வரியை கேன்வா, டாக்ஸ், ஸ்லைட்ஸ் மூன்றிலும் தட்ட வேண்டும். கேன்வாவில் சொந்த ஃபாண்டை ஏற்றுவது காசு கட்டியவர்களுக்கு மட்டும் என்பதால், மூன்று இடத்திலும் ஏற்கெனவே இருக்கும் ஃபாண்டுதான் நமக்கு உபயோகம். கிரீடம் போட்ட ஃபாண்டுகளும் படங்களும் காசுக்கு உரியவை. ட்ரையல் ஓடும்போது அவற்றை வைத்து எல்லாவற்றையும் கட்டிவிட்டால், அது முடிந்ததும் நம் போஸ்டரையே காசு கொடுக்காமல் இறக்க முடியாமல் போகும்.

இடைவெளியை அப்படியே விடுவது

சரி, ஃபாண்டை மாற்றியாயிற்று, இன்னும் போஸ்டர் கலைந்தே தெரிகிறது. காரணம் பெரும்பாலும் இடைவெளி. ஆங்கிலத் தலைப்புகளில் எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைப்பது ஒரு பாணி, டெம்ப்ளேட்டில் அது முன்பே அமைத்திருக்கும். அதே பெட்டியில் தமிழ் வந்தால் சொல் சிதறிவிடும். சில கருவிகளில் கொம்பும் காலும் தம் எழுத்தை விட்டு விலகியே நிற்கும். கேன்வாவில் `Letter spacing` அளவை 0 ஆக்குங்கள். `Line spacing` பக்கத்திலேயே இருக்கும், அதை 1.4 அளவுக்கு உயர்த்துங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு 1.0 போதும். தமிழில் அந்த அளவு வைத்தால் மேல் வரியின் கீழ்ச்சுழியும் கீழ் வரியின் மேல்சுழியும் மோதிக்கொள்ளும். சாய்வெழுத்தும் வேண்டாம். அழுத்தம் தேவைப்பட்டால் போல்ட் போதும்.

தமிழ்ச் சொல் நீளமானது என்பதும் நினைவில் இருக்கட்டும். `OUR SERVICES` இருந்த பெட்டியில் ‘நாங்கள் செய்து தரும் வேலைகள்’ அடங்காது. அடக்குவதற்காக எழுத்தைச் சுருக்கினால் ஒவ்வொரு போஸ்டரிலும் ஒரு அளவு வந்துவிடும். தலைப்பைச் சுருக்கி ‘எங்கள் சேவைகள்’ என்று எழுதுவதுதான் வழி.

நிறத்தைக் கண்ணால் எடுப்பது

நம் ஆலோசகர் தன் லோகோ நிறத்தை ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப்பில் இருக்கும் படத்திலிருந்து உறிஞ்சி எடுக்கிறார். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது நிறமும் கொஞ்சம் நகரும். அதிலிருந்து எடுத்த நிறத்தில் செய்த போஸ்டரை மறுபடி அனுப்பி, அதிலிருந்து மறுபடி எடுத்தால், ஆறு மாதத்தில் நீலம் வேறு நீலமாகியிருக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் `#` குறியில் தொடங்கும் ஒரு ஹெக்ஸ் எண் உண்டு. அதை ஒரு இடத்தில் எழுதி வைத்து எப்போதும் தட்டச்சு செய்துதான் போட வேண்டும்.

எத்தனை நிறம் என்பதைவிட எந்த நிறம் எங்கே என்பது முக்கியம். நம் ஆலோசகருக்கு இப்படி வைப்போம்: தலைப்புப் பட்டைக்கு அடர் நீலப்பச்சை `#0F4C5C`, கடைசித் தேதிக்கு மட்டும் மஞ்சள் `#FFC107`, உடல் எழுத்துக்கு `#222222`, பின்னணி வெள்ளை. இவ்வளவு போதும்.

இங்கே நடக்கும் தவறு மஞ்சளின் மேல் வெள்ளை எழுத்து. எழுத்தும் பின்னணியும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதற்கு ஒரு அளவு இருக்கிறது. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும் என்பது இணையத்தில் பின்பற்றப்படும் தரம். இந்த மஞ்சளில் வெள்ளை எழுத்து வைத்தால் 1.6 அளவுதான் வரும். வெயிலில் கடை வாசலில் நின்று ஃபோனைப் பார்க்கும் வாடிக்கையாளருக்கு 20ஆம் தேதி என்பது தெரியவே தெரியாது. அதே மஞ்சளை எழுத்தாக்கி நீலப்பச்சைப் பட்டையின் மேல் வைத்தால் 5.8, வெள்ளையை அங்கே வைத்தால் 9.5. WebAIM தளத்தின் `Contrast Checker` பக்கத்தில் இரண்டு ஹெக்ஸ் எண்களைக் கொடுத்தால் இந்தக் கணக்கை அதுவே சொல்லிவிடும்.

லோகோவுக்கு ஒரு வார்த்தை. பின்னணி இல்லாத படமாக இறக்கும் வசதி கேன்வாவின் இலவசக் கணக்கில் இல்லை. அதனால்தான் நீலப்பச்சைப் பட்டையின் மேல் வெள்ளைப் பெட்டியோடு லோகோ உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறோம். வெள்ளைப் பின்னணியில் ஒன்று, `#0F4C5C` பின்னணியில் ஒன்று என இரண்டாகச் செய்து வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

பழைய ஃபைலின் மேலேயே எழுதுவது

ஆலோசகருக்கு உண்மையிலேயே ஆபத்தானது இதுதான். போன வாடிக்கையாளரின் கொட்டேஷனைத் திறந்து, பெயரை மாற்றி, புதியவருக்கு அனுப்புவது. இரண்டாம் பக்கத்தில் பழைய கம்பெனியின் ஜிஎஸ்டி எண் அப்படியே இருக்கும். அந்தக் கம்பெனிக்குத் தந்த தள்ளுபடி விலையும் சில நேரம் இருக்கும். கணக்கு ரகசியத்தை நம்பி வருகிறவரிடம் இதை எப்படி விளக்குவது? தவிர, ஒவ்வொரு திருத்தத்திலும் எங்கோ ஒரு வரி 11 புள்ளியிலிருந்து 12 ஆகும், ஒரு தலைப்பு நிறம் மாறும். அந்தப் பிழை அடுத்த பிரதிக்கும் போகும்.

இதற்கு ஒரு மூலப் பிரதி வேண்டும், அதில் யாருடைய விவரமும் இருக்கக் கூடாது. டாக்ஸில் தலைப்பை ஒரு முறை `Hind Madurai`, `Bold`, 18 புள்ளி, `#0F4C5C` என்று அமைத்துவிட்டு, அந்த வரியில் கர்சரை வைத்து இப்படிச் செல்லுங்கள்:

```
Format > Paragraph styles > Heading 1 > Update 'Heading 1' to match
```

உடல் எழுத்துக்கு `Normal text` என்பதில் இதையே செய்யுங்கள். பிறகு அதே பட்டியலில் `Options > Save as my default styles`. இனி புதிதாகத் திறக்கும் எந்த டாக்ஸ் ஃபைலும் உங்கள் ஃபாண்டோடுதான் திறக்கும். இவ்வளவு பயனுள்ள வசதி இலவசமாக இருந்தும் பலர் தொடுவதே இல்லை. ஸ்லைட்ஸில் `View > Theme builder` போய் அங்கே மாற்றினால் எல்லா ஸ்லைடுக்கும் பொருந்தும். ஒவ்வொரு ஸ்லைடாக மாற்றிக்கொண்டு போனால் ஏதாவது ஒன்று கண்டிப்பாக விடுபடும்.

மூலப் பிரதியில் மாற வேண்டிய இடங்களை மட்டும் மஞ்சள் ஹைலைட்டில் ‘வாடிக்கையாளர் பெயர்’, ‘ஜிஎஸ்டி எண்’, ‘தொகை’ என்று எழுதி வையுங்கள். அனுப்பும் முன் மஞ்சள் எங்காவது மிச்சம் இருந்தால் கண்ணில் பட்டுவிடும். `Make a copy` போட்டு, நகலில் மட்டும் எழுத வேண்டும். கேன்வாவிலும் அப்படியே: மாத நினைவூட்டலுக்கு ஒரே மூலம், அதில் மாறுவது மாதமும் தேதியும் மட்டும். ஒரு போஸ்டரை வேறு அளவுக்குத் தானாக மாற்றும் வசதி காசுக்கு உரியது என்பதால், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு 1080 × 1920, சதுரப் பதிவுக்கு 1080 × 1080 என இரண்டு மூலங்களை ஆரம்பத்திலேயே தனித்தனியாகச் செய்துவிடுவது நல்லது.

அனுப்பும்போது வேர்ட் ஃபைலாக அல்லாமல் பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். பிடிஎஃப்புக்குள் ஃபாண்டும் சேர்ந்தே போகும் என்பதால் எந்தக் கணினியில் திறந்தாலும் முகம் மாறாது.

அச்சகத்துக்குப் போகும்போது மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். விசிட்டிங் கார்டுக்கான வரிகளை வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பினால், அவர்கள் தங்களிடம் இருக்கும் பாமினி போன்ற பழைய ஃபாண்டில் மறுபடி தட்டுவார்கள். உங்கள் ஃபாண்ட் போய்விடும், தட்டச்சுப் பிழையும் சேரலாம். கேன்வாவில் `PDF Print` ஆக இறக்கி அதையே கொடுங்கள். இலவசக் கணக்கில் அது திரைக்கான நிறங்களோடுதான் வரும். அச்சு மையில் இந்த மஞ்சள் திரையில் பார்த்த அளவு பளிச்சென்று வராது, நீலப்பச்சையும் கொஞ்சம் மங்கலாம். மொத்தமாக அடிக்கும் முன் அதே அட்டையில் ஒரு மாதிரி அடித்துத் தரச் சொல்லி, பகல் வெளிச்சத்தில் பார்த்து, அப்புறம் சம்மதம் சொல்லுங்கள்.