சைன் வளைவு எங்கிருந்து கிளம்புகிறது? கையால் வரையும்போது நேரும் தவறுகள்

ஒரே ஒரு சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம்.

y = 3 sin(2x − π/3) + 1

இதை வரையச் சொன்னால் பலரும் முதலில் செய்வது x-க்கு 0, 1, 2, 3, 4 என்று மதிப்புகளைப் போட்டு அட்டவணை தயாரிப்பது. நேர்கோட்டுக்கும் பரவளையத்துக்கும் பழகிய கை, இங்கேயும் அதையே செய்கிறது. கிடைக்கும் y மதிப்புகள் ஏறத்தாழ −1.6, 3.4, 1.6, −1.9, 2.9. இந்தப் புள்ளிகளை இணைத்தால் வளைவு 3.4 வரைதான் ஏறுகிறது என்று தோன்றும். ஆனால் உண்மையான முகடு 4-ல் இருக்கிறது. அது x = 1.31 பக்கத்தில் வருவதால், 1-க்கும் 2-க்கும் நடுவே அட்டவணையின் கண்ணில் படாமல் போய்விட்டது. கணக்கில் எந்தப் பிழையும் இல்லை, புள்ளிகளைத் தேர்ந்தெடுத்த இடம்தான் தவறு.

சைன் வளைவுக்கு ஐந்து புள்ளிகள் போதும்: தொடக்கம், முகடு, நடு, அகடு, முடிவு. x-க்கு மதிப்பு கொடுத்து y-ஐத் தேடுவதற்குப் பதிலாக, சைனுக்கு உள்ளே இருக்கும் கோணம் 0, π/2, π, 3π/2, 2π ஆகும் இடங்களைத் தேட வேண்டும். எங்கே தடுமாறுகிறார்கள் என்றால், அந்த முதல் இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான்.

அடைப்புக்குறிக்குள் −π/3 இருக்கிறது, எனவே வளைவு π/3 வலப்பக்கம் நகர்கிறது என்று எழுதிவிடுவது மிகப் பரவலான தவறு. வலப்பக்கம் என்பது சரி, அளவுதான் தவறு. உள்ளே இருப்பதைப் பூச்சியமாக்கிப் பாருங்கள்: 2x − π/3 = 0 என்றால் x = π/6. வளைவு கிளம்பும் இடம் அதுதான். x-க்கு முன்னால் 2 இருப்பதால் கோணம் இரண்டு மடங்கு வேகமாக ஓடுகிறது. அந்த π/3 கோணத்தை ஈடுகட்ட x பாதித் தூரம் நகர்ந்தாலே போதும். 2-ஐ வெளியே எடுத்து sin 2(x − π/6) என்று எழுதினால் இது கண்ணுக்கே தெரியும்.

இந்தக் குழப்பத்துக்கு மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. இயற்பியலில் அலைவைப் படிக்கும்போது sin(ωt + φ) என்று எழுதி, அந்த φ-ஐயே தொடக்கக் கட்டம் என்கிறோம். அங்கே கேட்பது கோணம். கணக்கு வகுப்பில் கட்டப் பெயர்ச்சி என்று கேட்பது, வளைவு x-அச்சில் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை, அதாவது ஒரு தூரத்தை. நம் வளைவில் கோணம் π/3, தூரம் π/6. இரண்டும் உண்மைதான், ஆனால் ஸ்கேல் வைத்து அளந்தால் கிடைப்பது இரண்டாவது மட்டுமே.

சரி, தவறாகப் போட்டால் எப்படித் தெரிந்துகொள்வது? x = 0 என்று போட்டுச் சரிபார்ப்பதுதான் பலருக்கும் பழக்கம். அந்தப் பழக்கம் இந்த வளைவில் ஏமாற்றிவிடும். சரியான சமன்பாட்டில் x = 0 எனில் 3 sin(−π/3) + 1, ஏறத்தாழ −1.6. π/3 தள்ளித் தவறாக வரைந்தவர் உண்மையில் வரைந்தது 3 sin 2(x − π/3) + 1. அதில் x = 0 எனில் 3 sin(−2π/3) + 1, அதுவும் அதே −1.6! இரண்டு வளைவுகளும் y-அச்சை ஒரே புள்ளியில் வெட்டுகின்றன. வேறுபாடு திசையில் இருக்கிறது: சரியான வளைவு அந்தப் புள்ளியில் அகட்டைத் தாண்டி ஏறிக்கொண்டிருக்கிறது, தவறான வளைவு அகட்டை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே நான் நம்பும் சோதனை வேறு. நீங்கள் தொடக்கம் என்று குறித்த x-ஐயே சமன்பாட்டில் போடுங்கள். அது நடுக்கோட்டின் மதிப்பைத் தர வேண்டும், நம் வளைவில் 1. π/6 போட்டால் 1 வருகிறது. π/3 போட்டால் 3.6 வருகிறது. ஒரு வரிக் கணக்கில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

தொடக்கம் கிடைத்தபின் காலம், அதாவது ஒரு முழு அலைக்கு x-அச்சில் பிடிக்கும் நீளம். உள்ளே 2 இருப்பதைப் பார்த்து 2π-ஐ இரண்டால் பெருக்கி 4π என்று எழுதுபவர்கள் உண்டு. வேகமாக ஓடுகிறவன் சுற்றைச் சீக்கிரம் முடிப்பான். எனவே வகுக்க வேண்டும்: 2π/2 = π. அதை நான்காகப் பிரித்தால் ஒரு தாவல் π/4. தொடக்கமான π/6-இலிருந்து π/4, π/4 ஆகக் கூட்டிக்கொண்டே போனால் ஐந்து புள்ளிகளும் வந்துவிடும்.

```
x:  π/6   5π/12   2π/3   11π/12   7π/6
y:   1      4       1      −2       1
```

இப்போது தாளில் அளவுத்திட்டம். இதைக் கடைசியில் யோசிப்பவர்கள்தான் அதிகம், முதலில் யோசிக்க வேண்டியதோ இது. 1 செ.மீ = 1 ரேடியன் என்று வைத்தால் முகடு 1.309 செ.மீ-இல் விழும், மற்றப் புள்ளிகளும் இப்படியே கோடுகளுக்கு இடையில் தொங்கும். மேலே உள்ள ஐந்து x மதிப்புகளுக்கும் பொதுப் பகுதி 12. அதனால் அரை செ.மீ = π/12 என்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகள் 1, 2.5, 4, 5.5, 7 செ.மீ-இல் வந்து உட்காரும். y-அச்சில் 1 செ.மீ = 1 அலகு. முழு அலை 6 செ.மீ அகலம், 6 செ.மீ உயரம். y = 1-இல் மெல்லிய புள்ளிக்கோடாக நடுக்கோட்டைப் போட்டுவிட்டு அப்புறம் புள்ளிகளைக் குறியுங்கள். அந்தக் கோடு இல்லாமல் வரைபவர்கள், வளைவை அறியாமலே x-அச்சைச் சுற்றி ஆடவிட்டுவிடுகிறார்கள்.

புள்ளிகளை இணைப்பதில் இரண்டு விதத் தவறுகள் நடக்கும். சிலர் ஸ்கேல் வைத்து நேராக இழுத்து, கூரிய மலை முகடு போல ஆக்கிவிடுவார்கள். வேறு சிலர் அரைவட்டங்களாகப் போட்டு, நடுக்கோட்டைச் செங்குத்தாகத் தாண்டவைப்பார்கள். உண்மையான வடிவம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. தொடக்கத்துக்கும் முகட்டுக்கும் இடையில் மூன்று அரை செ.மீ இடைவெளிகள் இருக்கின்றன அல்லவா? ஒவ்வொன்றும் கோணத்தில் π/6, அதாவது 30 பாகை. sin 30° = 0.5, sin 60° ≈ 0.87. ஆகவே வளைவின் உயரம் 1, 2.5, 3.6, 4 என்று போகிறது. முதல் இடைவெளியில் 1.5 ஏறுகிறது, இரண்டாவதில் 1.1, மூன்றாவதில் வெறும் 0.4. மொத்த ஏற்றத்தில் பாதி முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே முடிந்துவிடுகிறது. நேர்கோடாக இழுத்திருந்தால் 1, 2, 3, 4 என்று போயிருக்கும். இந்த இரண்டு இடைப் புள்ளிகளையும் முகட்டின் இருபுறமும், அகட்டின் இருபுறமும் குறித்துவிட்டால், பென்சில் தானாகவே சரியான வளைவில் போகும். மணிக்கட்டைத் தாளில் ஊன்றி, வளைவின் உட்பக்கம் கை இருக்கும்படி தாளைத் திருப்பிக்கொண்டு ஒரே வீச்சில் இழுத்தால் முகடு வழவழப்பாக வரும்.

வளைவைக் கொடுத்து சமன்பாட்டைக் கேட்டால் தவறுகள் வேறு பக்கத்திலிருந்து வருகின்றன. இதே படம் உங்கள் முன் இருக்கிறது, சமன்பாடு இல்லை என்று வைத்துக்கொள்வோம். x-அச்சிலிருந்து முகடு வரை அளந்து வீச்சு 4 என்பார் ஒருவர். முகட்டிலிருந்து அகடு வரை அளந்து 6 என்பார் இன்னொருவர். வீச்சு நடுக்கோட்டிலிருந்து அளக்கப்படுவது: (4 − (−2))/2 = 3. நடுக்கோடு (4 + (−2))/2 = 1.

காலத்தைப் படிப்பதில்தான் நல்ல மாணவர்களும் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். சாதாரண சைன் வளைவு x-அச்சை வெட்டும் இரு அடுத்தடுத்த புள்ளிகளின் இடைவெளி பாதிக் காலம், அதை இரட்டித்தால் காலம் வரும். நடுக்கோடு x-அச்சிலேயே இருக்கும்வரை இது சரி. நம் வளைவு 1 அலகு மேலே தூக்கப்பட்டிருக்கிறது. எனவே அச்சுக்கு மேலே இருக்கும் பகுதி அகலம், கீழே இருக்கும் பகுதி குறுகல். நம் தாளில் வெட்டும் இடங்கள் ஏறத்தாழ 0.7, 4.3, 6.7 செ.மீ. முதல் இடைவெளி 3.6, அடுத்தது 2.4. இரட்டித்தால் ஒருமுறை 7.2, இன்னொருமுறை 4.8, உண்மை 6. முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை அளந்தால் இந்தச் சிக்கலே இல்லை. முகடு தட்டையாக இருப்பதால் அதன் இடத்தை மில்லிமீட்டர் துல்லியமாகச் சொல்வது கடினம் என்றால், நடுக்கோட்டை ஏறும் திசையில் வெட்டும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே அளவெடுங்கள். அங்கே வளைவு மிக வேகமாக ஏறுவதால் இடம் கூர்மையாகத் தெரியும்.

கடைசியாகக் கட்டப் பெயர்ச்சி. சைனாக எழுதப் போகிறீர்களா, கொசைனாக எழுதப் போகிறீர்களா என்று முடிவு செய்யாமல் இதைப் படிக்க முடியாது. சைன் நடுக்கோட்டிலிருந்து மேலே ஏறிக் கிளம்பும், கொசைன் முகட்டிலிருந்து கிளம்பும். சைன் என்றால் ஏறும் வெட்டுப்புள்ளி π/6, ஆகவே 3 sin 2(x − π/6) + 1. கொசைன் என்றால் முகடு 5π/12, ஆகவே 3 cos 2(x − 5π/12) + 1. இரண்டும் ஒரே வளைவு. நடுக்கோட்டை இறங்கும் திசையில் வெட்டும் 2π/3-ஐ அவசரத்தில் சைனின் தொடக்கமாக எடுத்துவிட்டால், முன்னால் ஒரு கழித்தல் குறி போட வேண்டியிருக்கும்: −3 sin 2(x − 2π/3) + 1. அதுவும் தவறில்லை, அப்போதும் வீச்சு 3-தான், −3 அல்ல. குறியைப் போடாமல் விட்டால் மட்டும் வளைவு நடுக்கோட்டில் தலைகீழாகக் கவிழ்ந்துவிடும். x = 5π/12 என்று போட்டு 4-க்குப் பதில் −2 வந்தால் நடந்தது இதுதான்.