நெட் போன பிறகு செக்-இன் மேசையில் செய்யக் கூடாதவை

1,200 பேர் பதிவு செய்த ஒரு கருத்தரங்கு. நான்கு கவுண்டர்கள், க்யூஆர் ஸ்கேன், எல்லாம் தயார். காலை 9:10-க்கு அரங்கின் நெட் போகிறது. ‘பட்டியலை பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறோமே’ என்று எடுத்தால், அந்தப் பட்டியலே வரிசையை நிறுத்திவிடும். இப்படிப் பல முறை பார்த்திருக்கிறேன்.

முதல் தவறு, பெயரை அகரவரிசையில் அடுக்குவது. நம் ஊரில் இது சரிவராது. ஒருவர் ‘S. Karthik’ என்று பதிவு செய்திருப்பார், இன்னொருவர் ‘Karthik S’, மூன்றாமவர் ‘Karthick’. கவுண்டரில் வந்து “கார்த்திக்” என்று மட்டும் சொன்னால் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது? கைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கப்படி அடுக்குங்கள். 0000 முதல் 2499 வரை முதல் கவுண்டர், 2500 முதல் 4999 வரை இரண்டாவது என்று பிரித்தால், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 300 பேர் வருவார்கள். முழு எண்ணும் தாளில் வராததால் யாருடைய நம்பரும் கைமாறாது.

1,200 பேரில் சுமார் 70 ஜோடிகளுக்கு இந்த நான்கு இலக்கம் ஒன்றாகவே இருக்கும். ஒரே எண்ணில் பத்து மாணவர்களைப் பதிவு செய்த ஆசிரியரும் இருப்பார். அதனால் பெயரும் டிக்கெட் எண்ணும் பக்கத்திலேயே வேண்டும். கைபேசி எண் A பத்தியில் இருந்தால், கடைசி நான்கு இலக்கத்தை எக்செல்லில் இப்படி எடுங்கள்:

```
=RIGHT(TRIM(A2),4)
```

இதை சிஎஸ்வி-யாகச் சேமித்து மறுபடி எக்செல்லில் திறந்தால் 0427 என்பது 427 ஆகிவிடும், வரிசை குலையும். பிரிண்ட் கொடுப்பதற்கு முன் முதல் பக்கத்தில் பூஜ்ஜியங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எத்தனை மணி நிலவரம் என்பதும் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கட்டும். அதற்குப் பின் பதிவு செய்தவர்களுக்குத் தனித்தாள்.

அடுத்ததுதான் பெரிய தவறு. ஒரு கவுண்டரில் மட்டும் யாரோ ஒருவரின் மொபைல் டேட்டா வேலை செய்யும். அவர் ஸ்கேனைத் தொடர்வார், மற்ற மூவரும் தாளுக்கு மாறுவார்கள். இது வேண்டாம். மூன்று நிமிடம் பதில் வரவில்லை என்றால் பொறுப்பாளர் ஒருவர் சொல்ல, நான்கு கவுண்டர்களும் ஒன்றாகத் தாளுக்கு மாற வேண்டும். மாறிய நேரத்தை எழுதி வையுங்கள். நெட் திரும்பினாலும் அந்த வேளை முடியும்வரை தாள்தான்.

சரி, 9:10-க்கு முன் உள்ளே போனவர்கள் யார் என்று தாளுக்குத் தெரியாதே? அதே டிக்கெட்டை நண்பருக்கு அனுப்பி, அவர் 9:30-க்கு வந்தால்? இங்கே பேட்ஜ்தான் காப்பாற்றும். பேட்ஜ்களை முன்பே அச்சிட்டு, பட்டியலின் அதே வரிசையில் தட்டில் அடுக்கி வைத்தால், தட்டில் பேட்ஜ் இல்லாதவர் ஏற்கெனவே வந்துவிட்டார் என்று பொருள். அவரை உதவி மேசைக்கு அனுப்பிவிடலாம். நான் இந்தத் தட்டை நம்பும் அளவுக்குப் பட்டியலை நம்புவதில்லை.

தாளில் வெறும் டிக் போடாதீர்கள், 9:15, 9:30 என்று கால் மணிக் கணக்கில் நேரத்தை எழுதுங்கள். மாலையில் கணக்கைச் சரிபார்க்கும்போது அதுதான் கைகொடுக்கும்.

அந்தச் சரிபார்ப்பை ஒரு கணக்காகவே பார்ப்போம். நெட் போகும் முன் சர்வரில் 318 பேர். நான்கு கவுண்டர் தாள்களிலும் சேர்த்து 538. ஸ்பாட் ரெஜிஸ்ட்ரேஷன் 26. மொத்தம் 882. தட்டில் 347 பேட்ஜ் மீதி, ஆக 853 கொடுத்திருக்கிறோம். ஸ்பாட்டில் எழுதிக் கொடுத்த 26-ஐயும் சேர்த்தால் 879. மூன்று இடிக்கிறது.

இந்த மூன்றைத் தேடாமல் தாளில் உள்ளதை அப்படியே சர்வரில் ஏற்றிவிடுவதுதான் கடைசித் தவறு. டிக்கெட் எண்களை ஒப்பிட்டால் இரண்டு பேர் சர்வரிலும் தாளிலும் இருப்பார்கள். 9:09-க்கு ஸ்கேன் சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது, பதில் மட்டும் போனுக்கு வரவில்லை. தன்னார்வலர் தோல்வி என்று நினைத்துத் தாளிலும் குறித்துவிட்டார். மூன்றாவது, தவறான வரியில் நேரத்தை எழுதி, அதை அடிக்காமலே சரியான வரியிலும் எழுதியது. அந்தத் தவறான வரிக்காரரின் பேட்ஜ் இன்னும் தட்டில் கிடக்கும், அதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

அப்புறம் ஏற்றும்போது ஒருவர் வாசிக்க ஒருவர் தட்டச்சு செய்யட்டும். ஏற்கெனவே சர்வரில் உள்ள டிக்கெட் வந்தால் பழைய நேரத்தை அழிக்காமல் தாண்டிவிட வேண்டும். வந்த நேரமும் ஏற்றிய நேரமும் தனித்தனிப் பத்தியில் இருக்கட்டும். இல்லாவிட்டால் 538 பேரும் மாலை 6 மணிக்கு வந்ததாகப் பதிவாகி, முன்பகல் அமர்வுக்கு வருகைச் சான்றிதழ் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல முடியாது. சான்றிதழ் கொடுத்து முடியும்வரை தாள்களைப் பூட்டி வையுங்கள், பிறகு கிழித்துவிடுங்கள்.