லண்டன் அகதிக் கேஸ்: நாட்டு அறிக்கையையும் டாக்டர் அறிக்கையையும் எப்படிச் சேர்ப்பது?

புழல் காவாங்கரை இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கும் பலருக்கு லண்டனில் ஒரு தம்பியோ மச்சானோ கேஸ் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். "சொலிசிட்டர் ஆதாரம் கேட்கிறார், என்ன அனுப்புறது?" என்று இங்கே இருக்கும் அக்காவுக்குத்தான் போன் வரும். அந்த அக்காக்களுக்காக இதை எழுதுகிறேன். இது பிரிட்டன் கேஸுக்கான முறை. இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு என்பதால் இங்கே அப்படியே பொருந்தாது.

ஒரு உதாரணக் கேஸை வைத்துக்கொள்வோம். தம்பி சொல்வது நான்கு விஷயம். 2019இல் இலங்கையில் பரந்தனில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். சூடான கம்பியால் முதுகில் சுட்டார்கள். மாமா காசு கொடுத்து வெளியே எடுத்தார். இப்போதும் அம்மா வீட்டுக்கு வந்து விசாரிக்கிறார்கள்.

முதல் படி: வாக்குமூலத்தை வரிவரியாகப் பிரியுங்கள்

ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் இந்த நான்கையும் எழுதுங்கள். வலது பக்கம் எதற்கு எது ஆதாரம் என்று வரும். நாட்டு அறிக்கை என்பது இலங்கை நிலைமை பற்றி அரசுகளும் அமைப்புகளும் வெளியிடும் அறிக்கை. அது 'இப்படி நடக்கிற நாடுதான்' என்று காட்டும், அவ்வளவுதான். 'உன் தம்பிக்கு நடந்தது' என்று எந்த அறிக்கையும் சொல்லாது. இது புரியாமல் முந்நூறு பக்கம் பிரிண்ட் எடுத்து அனுப்புகிறவர்கள் உண்டு. அதை யாரும் படிக்க மாட்டார்கள்.

இரண்டாம் படி: அறிக்கையைத் தேடுங்கள்

பிரிட்டன் உள்துறையே இலங்கை பற்றிய குறிப்புகளை GOV.UK தளத்தில் போடுகிறது. அதிலிருந்து எடுத்துக் காட்டினால், அவர்கள் வாயாலேயே சொன்ன மாதிரி. ecoi.net தளத்தில் பல அமைப்புகளின் அறிக்கைகள் ஒரே இடத்தில் கிடைக்கும். முழு அறிக்கையும் வேண்டாம். தலைப்புப் பக்கம், தேதி, பொருந்தும் பத்தியின் எண், அந்தப் பத்தி, இவை போதும். ஆனால் பாதகமாக இருக்கும் அடுத்த பத்தியை வெட்டிவிடாதீர்கள். எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் வாசிக்கும்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்: தேதி. 2019இல் பிடித்ததற்கு அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும் அறிக்கை வேண்டும். இன்று திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கடைசியாக வந்த அறிக்கை வேண்டும். 2009 போர்க்கால அறிக்கையை இரண்டுக்கும் வைத்தால், "அது அப்போ" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். அதோடு, 2021இல் கே.கே. மற்றும் ஆர்.எஸ். வழக்கில் பிரிட்டனின் மேல் தீர்ப்பாயம் இலங்கைத் தமிழர்களில் யாருக்கு ஆபத்து என்று வழிகாட்டுத் தீர்ப்பு தந்திருக்கிறது. தமிழ்ப் பிரிவினை விஷயத்தில் கணிசமான பங்கு வகிப்பவராக இலங்கை அரசு ஒருவரைப் பார்க்கிறதா என்பதுதான் அதில் முக்கியக் கேள்வி. உங்கள் அறிக்கைகள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. அறிக்கையில் உள்ள வாசகத்தைத் தம்பியின் வாக்குமூலத்தில் ஏற்றாதீர்கள். கேட்கிற அதிகாரி அதே அறிக்கையைப் படித்தவர்.

மூன்றாம் படி: தழும்புக்கு டாக்டர்

இரண்டாவது வரிக்கு அறிக்கை போதாது. சித்திரவதைக் காயங்களைப் பார்த்துப் பழகிய டாக்டர் வேண்டும். அவரை சொலிசிட்டர்தான் கேள்விகளோடு கடிதம் எழுதி நியமிக்க வேண்டும். வாக்குமூலம், நேர்காணல் பதிவு, கேஸை மறுத்திருந்தால் அந்த மறுப்புக் கடிதம் எல்லாம் டாக்டர் கையில் போக வேண்டும். மறுப்புக் கடிதத்தை மறைத்தால் அறிக்கை பலவீனமாகிவிடும். அவர் தம்பிக்காகப் பேச வருபவர் கிடையாது; அவருடைய கடமை தீர்ப்பாயத்துக்கு.

சித்திரவதைக் காயங்களை ஆராய்வதற்கு ஐ.நா. வெளியிட்ட வழிகாட்டிதான் இஸ்தான்புல் நெறிமுறை. டாக்டர் அதன்படி ஒவ்வொரு தழும்பையும் தனித்தனியாக எடைபோடுவார். அதில் ஐந்து படிகள்: பொருந்தவில்லை; பொருந்துகிறது, ஆனால் வேறு பல காரணமும் இருக்கலாம்; நன்கு பொருந்துகிறது, வேறு காரணம் சிலவே; இந்த மாதிரிக் காயத்தில் வழக்கமாகக் காணப்படுவது; வேறு எதனாலும் வந்திருக்க முடியாது. 'பொருந்துகிறது' என்று மட்டும் வந்தால் அது கீழிருந்து இரண்டாவது படிதான் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சின்ன வயதில் சைக்கிளில் விழுந்த முழங்கால் தழும்பையும் தம்பி காட்ட வேண்டும். 'இது சைக்கிள், இது அவர்கள் செய்தது' என்று பிரித்துச் சொல்பவரை நம்புவது சுலபம்.

'வேண்டுமென்றே ஆள் வைத்துத் தனக்கே சூடு போட்டுக்கொண்டான்' என்றும் எதிர்த்தரப்பு சொல்லும். கே.வி. என்ற இலங்கையர் கேஸில் கீழ்த் தீர்ப்பாயத்தில் அப்படித்தான் முடிவானது. 2019இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, மறுவிசாரணைக்கு அனுப்பியது. சூடு எப்படிப் பட்டது என்பதோடு நிற்காமல், கேஸ் போட்டவர் சொல்லும் சூழ்நிலையோடு காயம் பொருந்துகிறதா என்றும் டாக்டர் சொல்லலாம் என்றது. ஆகவே சொலிசிட்டர் எழுதும் கடிதத்தில் இந்தக் கேள்வியும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மீதி இரண்டு வரிகள்

காசு கொடுத்ததற்கு மாமாவின் கடிதம். விசாரிக்க வந்ததற்கு அம்மாவின் கடிதம். யார் வந்தார்கள், எப்போது, என்ன கேட்டார்கள் என்று அவரவர் பேச்சிலேயே இருக்கட்டும். அடையாள அட்டை நகலைச் சேருங்கள். பாரிமுனைப் பக்கம் மொழிபெயர்த்தால், மொழிபெயர்ப்பாளர் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம், 'இது சரியான மொழிபெயர்ப்பு' என்ற வரி எல்லாம் இருக்கிறதா பாருங்கள். மூலக் கடிதத்தையும் கவரையும் தூக்கிப் போடாதீர்கள்.

கடைசியில் தாளின் வலது பக்கம் ஒவ்வொரு வரிக்கும் பக்க எண் போட்டு சொலிசிட்டருக்கு அனுப்புங்கள். காலியாக ஒரு இடம் இருந்தால் காலியாகவே விட்டு, அது ஏன் கிடைக்கவில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும்.