முட்டைப் புதிர் அட்டவணை: பாதி மாடியில் சிக்கும் தவறு

முட்டை எந்த மாடி வரை உடையாது என்று கண்டுபிடிக்க வேண்டும். உடையாத முட்டையை மறுபடி போடலாம், உடைந்தால் போச்சு. மிக மோசமான நிலையிலும் எத்தனை சோதனை போதும் என்பதே கேள்வி. டைனமிக் புரோகிராமிங் பழகுபவர்கள் இதற்கு எழுதும் அட்டவணைகளைப் பார்க்கும்போதெல்லாம் அதே பழைய தவறுகள்தான் கண்ணில் படுகின்றன.

பாதி மாடியிலிருந்து மட்டும் போட்டுப் பார்ப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். ஒரு மாணவர் 2 முட்டைக்கான அட்டவணையைக் காட்டினார். ஒவ்வொரு கட்டத்திலும் நடு மாடியை மட்டும் எடுத்திருந்தார். "8 மாடி வரை கையால் போட்டுப் பார்த்தேன், எல்லாம் சரியா வருது" என்றார். உண்மைதான், 8 வரை சரியாகவே வரும். ஆபத்தும் அங்கேதான்.

9 மாடிக்கு வாருங்கள். நடு மாடி 5. அங்கே உடைந்தால் கையில் ஒரே முட்டை. கீழே உள்ள 4 மாடிகளையும் ஒன்றொன்றாக ஏறித்தான் பார்க்க முடியும். மொத்தம் 5 சோதனை. 4-ஆம் மாடியில் தொடங்கினால்? உடைந்தால் கீழே 3 மாடி, 3 சோதனை. உடையாவிட்டால் மேலே 5 மாடி, கையில் 2 முட்டை, அதற்கும் 3 போதும். மொத்தம் 4.

உடைந்தால் ஒரு முட்டை குறைகிறது, உடையாவிட்டால் குறைவதில்லை. அதனால் கீழ்ப்பக்கம் குறைவான மாடிகளே இருக்க வேண்டும். 100 மாடிக்கு இந்தத் தவறு 50 சோதனை கேட்கும். சரியான விடை 14. முட்டை தாராளமாக இருந்தால் பாதி முறை சரிதான்: 100 மாடிக்கு 7 முட்டை இருந்தால் 7 சோதனை. முட்டை குறைவாக இருக்கும்போதுதான் அது கவிழ்த்துவிடும்.

எந்த மாடி நல்லது என்று நாமாக முடிவு செய்யாமல், முட்டையைப் போடும் மாடியை x என்று வைத்து, எல்லா x-ஐயும் பார்க்கச் சொல்லுங்கள்:

```
D[e][f] = 1 + min(max(D[e-1][x-1], D[e][f-x])
                  for x in range(1, f+1))
```

D என்பது தேவைப்படும் சோதனைகள், e என்பது கையில் உள்ள முட்டைகள், f என்பது இன்னும் சோதிக்க வேண்டிய மாடிகள். எழுதி முடித்ததும் 9, 10 மாடிகளுக்கு 4 வருகிறதா பாருங்கள். 9-இலேயே 5 வந்தால் எங்கோ பாதி ஒளிந்திருக்கிறது.

f-ஐ மாடி எண் என்று நினைப்பது

அது எண்ணிக்கை. 10 மாடியில் 4-ஆம் மாடியில் உடையாவிட்டால் மீதி 6 மாடி. அதை 6 மாடிக் கட்டடம் போலவே நடத்தலாம். அதனால்தான் f-x.

max இருக்க வேண்டிய இடத்தில் min

இரண்டு முட்டை வரிசை முதல் எங்கும் 1 வந்தால் இதுதான்.

ஒரு முட்டை வரிசையை நிரப்ப மறப்பது

D[1][f] = f. வேறு வழியில்லை.