குடை யாருடையது?

தன்மையில் சொல்லப்பட்ட ஒரு ஜப்பானியச் சிறுகதையைத் தமிழாக்கும்போது ஓரிடத்தில் மூன்று நாள் மாட்டிக்கொண்டேன். தோழி வருகிறாள், அப்புறம் எழுவாயே இல்லாமல் இரண்டு வாக்கியங்கள்: 'எகி மாதே ஒகுத்தே குரேதா. காசா ஓ காஷிதே அகேதா.' ஸ்டேஷன் வரை கொண்டுவிட்டது, குடை இரவல் கொடுத்தது.

தமிழிலும் எழுவாயை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் 'கொடுத்தாள்', 'கொடுத்தேன்' என்று விகுதி காட்டிக்கொடுத்துவிடுகிறதே! கடைசியாகப் பெயர் வந்தவளே எல்லாம் செய்தாள் என்று வைத்தேன். இரண்டு பக்கம் தள்ளி அவள் குடையைத் திருப்பித் தருகிறாள். இடித்தது.

விடை துணைவினையில் இருந்தது. 'குரேதா' என்றால் பிறர் எனக்குச் செய்தது; 'அகேதா' என்றால் நான் பிறருக்குச் செய்தது. ஆக, 'என்னை ஸ்டேஷன் வரை கொண்டுவிட்டாள். என் குடையைக் கொடுத்தனுப்பினேன்.'

அடுத்த வரி 'சாமிஷிகத்தே இதா'. ஏங்கியது நானென்று எழுதியிருந்தேன். நடுவிலிருக்கும் அந்தக் 'கத்' பிறர் உணர்வை வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது, ஏங்கியவள் அவள்தான். என் ஏக்கமென்றால் 'சாமிஷிகத்தா' போதும். காதுக்கு ஒன்றுபோல இருந்தாலும் இதிலுள்ள 'கத்தா' வெறும் இறந்தகால விகுதி.

'இத்தா' (போனது) போன்ற வெறும் வினைகளில் இந்த உதவி கிடைக்காது. அங்கே முன்பின் பார்த்துத்தான் முடிவெடுக்கிறேன்.