கார்டு பில்லில் தெரியாத கடைப் பெயரா?

கார்டை முடக்குமுன் பெயரை விட்டுவிட்டு, தொகையைப் பைசா வரை அந்த வாரத்து எஸ்.எம்.எஸ்., சார்ஜ் ஸ்லிப்புகளோடு ஒப்பிடுங்கள். விளக்குத்தூண் பக்கம் ஜவுளி எடுத்த 2,340 ரூபாய், பில்லில் யாரோ ஒருவரின் 'எண்டர்பிரைசஸ்' பெயரில் நிற்கும். ஸ்வைப் மெஷின் தந்த சீட்டின் தலைப்பிலும் பெரும்பாலும் அதே பெயர்தான் இருக்கும்.

காரணம், மெஷின் வாங்கும்போது வங்கியில் பதிந்த பெயர்தான் பில்லுக்கு வருகிறது, கடை போர்டில் உள்ளது அல்ல. நீளமான பெயர் பாதியில் வெட்டுப்படும். ஆன்லைன் என்றால் பணம் வசூலித்த இடைநிறுவனத்தின் பெயர் வரலாம். தேதியும் ஓரிரு நாள் தள்ளியிருக்கலாம், அதற்காகப் பதற வேண்டாம்.

வீட்டில் யாரும் வாங்கவில்லை, தொகையும் எதிலும் பொருந்தவில்லை என்றால் தேடிக்கொண்டிருக்காதீர்கள். உடனே கார்டை முடக்கி, வங்கியில் புகார் எண் வாங்குங்கள்.